100 கிராமுக்கு 32, ஒரு கப்புக்கு 13: சத்து அட்டவணையை ஏமாறாமல் படிக்கும் முறை

பாலில் கலக்கும் மால்ட் பொடி பாட்டிலை எடுத்துப் பின்பக்கம் திருப்புங்கள். சத்து அட்டவணையில் சேர்க்கப்பட்ட சர்க்கரைக்கு நேராக முதலில் 32 என்று இருக்கும். அதே வரியில், விரலகலம் தள்ளி, 13% என்று இருக்கும். முதன்முறை பார்ப்பவர் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே படித்துவிடுவார்: 32 கிராம் சர்க்கரை இருக்கிறதாம், அது ஒரு நாளைக்கு ஆகும் அளவில் 13 சதவீதம்தானாம், பரவாயில்லை. இந்த வாசிப்பு தவறு. 32 என்பது 100 கிராம் பொடிக்கு உரிய எண். 13% என்பது 20 கிராம் பொடிக்கு உரிய எண். ஒரே வரியில் நின்றாலும் அவை வெவ்வேறு அளவுகளைப் பற்றிப் பேசுகின்றன.

அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம், விதியே அப்படித்தான் இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகள், சத்துகளின் அளவை 100 கிராமுக்கோ 100 மில்லிக்கோ சொல்லச் சொல்கின்றன. ஒரே முறையில் சாப்பிட்டு முடிக்கும் சிறு பாக்கெட் என்றால் முழுப் பாக்கெட்டுக்கும் சொல்லலாம். ஆனால் அன்றாடத் தேவையில் எத்தனை சதவீதம் என்பதை ஒரு சர்விங்குக்கு, அதாவது ஒரு தடவை எடுக்கும் அளவுக்கு, கணக்கிட்டுத்தான் போட வேண்டும். அதனால் பல லேபிள்களில் 100 கிராமுக்கான பத்தியும் சர்விங்குக்கான சதவீதப் பத்தியும் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. சில நிறுவனங்கள் நடுவில் 'ஒரு சர்விங்கில் இத்தனை கிராம்' என்று மூன்றாவது பத்தியும் தருகின்றன. அது இருந்தால் குழப்பம் பாதி குறைந்துவிடும்.

முதல் வேலை: அட்டவணைக்கு வெளியே இருக்கும் இரண்டு எண்கள்

எண்களைப் படிக்கத் தொடங்குமுன் அட்டவணையின் மேலோ கீழோ சிறிய எழுத்தில் இருக்கும் இரண்டு தகவல்களைத் தேடுங்கள். ஒன்று, சர்விங் சைஸ், அதாவது ஒரு தடவைக்கு இவ்வளவு எடுப்பீர்கள் என்று தயாரிப்பாளர் வைத்துக்கொண்ட அளவு. மற்றொன்று, பாக்கெட்டில் மொத்தம் எத்தனை சர்விங் என்பது. இரண்டையும் பெருக்கினால் நிகர எடை வர வேண்டும். 500 கிராம் பாட்டிலில் சர்விங் 20 கிராம் என்றால், சுமார் 25 சர்விங் என்று போட்டிருக்கும்.

அந்த 20 கிராம், சமையலறையில் நீங்கள் போடும் அளவு அல்ல. அது தயாரிப்பாளரின் அளவு. அது சிறியதாக இருக்க இருக்க, சதவீதப் பத்தி முழுவதும் சிறியதாகத் தெரியும். பொடி மாறவே இல்லை, 20ஐ 10 ஆக்கினால் போதும், 13% பாதியாகிவிடும்.

சர்விங் சைஸ் கண்ணுக்கே அகப்படவில்லையென்றால், சதவீதத்திலிருந்தே அதைப் பிடித்துவிடலாம். இந்தியாவில் சதவீதங்கள் ஒரு நாளைக்கு 2000 கிலோ கலோரி, 67 கிராம் கொழுப்பு, 22 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, 50 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை, 2000 மில்லிகிராம் சோடியம் என்ற அடிப்படையில் கணக்கிடப்படுகின்றன. சர்க்கரைக்கு 13% என்றால் 50 கிராமில் 13 சதவீதம், அதாவது 6.5 கிராம். 100 கிராமில் 32 கிராம் இருக்கும்போது, 6.5 கிராம் எத்தனை கிராம் பொடியில் இருக்கும்? 6.5ஐ 32ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 20.3 வருகிறது. சதவீதத்தை முழு எண்ணாக்கியதால் வந்த சிறு வித்தியாசத்தை விட்டுவிட்டால், சர்விங் 20 கிராம்.

இந்த 50 கிராம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லேபிளில் 'பரிந்துரைக்கப்பட்ட அன்றாட அளவு' என்ற தலைப்பின்கீழ் வருவதால், சர்க்கரையும் புரதம் போல எட்ட வேண்டிய இலக்கு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். சர்க்கரை, சோடியம், நிறைவுற்ற கொழுப்பு ஆகியவற்றுக்கு அது தாண்டக் கூடாத வரம்பு. 2000 கலோரியில் பத்து சதவீதம்தான் 50 கிராம் சர்க்கரை. அதையும் பாதியாக, 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. இன்னொரு விஷயம், இந்த வரம்பு வளர்ந்த ஆளுக்கு உரியது. பாட்டிலின் முன்பக்கம் சிறுவன் படம் இருந்தாலும் பின்பக்கத்துச் சதவீதம் பெரியவரின் கணக்குதான். ஆறு வயதுக் குழந்தைக்கு அதே 20 கிராம் பொடியில் உள்ள 6.4 கிராம் சர்க்கரை, அதன் அன்றாட உணவில் 13 சதவீதத்தைவிடப் பெரிய பங்கு.

இரண்டாவது வேலை: உங்கள் வீட்டு அளவைக் கண்டுபிடிப்பது

எல்லாக் கணக்கும் இதில்தான் நிற்கிறது. நீங்கள் உண்மையில் எத்தனை கிராம் எடுக்கிறீர்கள் என்று தெரியாமல் லேபிளை எவ்வளவு கவனமாகப் படித்தாலும் பயனில்லை.

சமையலறைத் தராசு இருந்தால், வெறும் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். வழக்கம்போல், யோசிக்காமல், உங்கள் கரண்டியால் பொடியைப் போட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். மூன்று நாள் இப்படிச் செய்து சராசரி எடுத்தால் போதும். லேபிள் சொல்லும் கரண்டி தலைதட்டிய கரண்டி, வீட்டில் அள்ளுவது குவித்த கரண்டி. பொடி வகைகளில் ஒரே கரண்டி குவித்தும் தட்டியும் எடுக்கும்போது எடை இரண்டு மடங்குவரை வேறுபடலாம். அதனால் 'இரண்டு கரண்டி' என்ற சொல்லை நம்பாமல் கிராமை நம்புங்கள்.

தராசு இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. பாட்டிலைத் திறந்த நாளன்று அதன் மேல் தேதியை எழுதுங்கள். தீரும்வரை எத்தனை டம்ளர் கலக்கினீர்கள் என்று எண்ணுங்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஆளுக்கு தினமும் ஒரு டம்ளர், 500 கிராம் பாட்டில் 9 நாளில் தீர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 18 டம்ளர். 500ஐ 18ஆல் வகுத்தால் ஒரு டம்ளருக்குச் சுமார் 28 கிராம். லேபிள் 25 டம்ளர் வரும் என்றது, உங்களுக்கு 18தான் வந்தது. இந்த முறையில் குவித்த கரண்டி, சிந்தியது, பிள்ளைகள் பொடியாகவே அள்ளித் தின்றது எல்லாமே கணக்கில் வந்துவிடும்.

பிஸ்கட்டுக்கு இன்னும் எளிது. நிகர எடையை பிஸ்கட் எண்ணிக்கையால் வகுங்கள். 100 கிராம் பாக்கெட்டில் 16 இருந்தால் ஒன்று 6.25 கிராம். சர்விங் 25 கிராம் என்றால் நான்கு பிஸ்கட். காபியோடு எட்டு போனால் இரண்டு சர்விங்.

இப்போது ஒரே ஒரு சூத்திரம்:

100 கிராமுக்கான எண் × நீங்கள் எடுக்கும் கிராம் ÷ 100

நம் பொடிக்கு: 32 × 28 ÷ 100 = 8.96. ஒரு டம்ளரில் ஏறத்தாழ 9 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை. 50 கிராம் வரம்பில் இது 18 சதவீதம். லேபிளின் 13 சதவீதம் உங்கள் வீட்டில் 18 ஆகிவிட்டது. இதற்குமேல் ஒரு கரண்டி சர்க்கரையும் போடும் வழக்கம் இருந்தால், தலைதட்டிய டீஸ்பூனுக்கு நான்கு கிராம் என்று வைத்து, 13 கிராம் என்று கொள்ளுங்கள். பாலில் இயற்கையாக இருக்கும் லாக்டோஸை இதில் கூட்ட வேண்டாம். அது மொத்தச் சர்க்கரையில் வரும், சேர்க்கப்பட்ட சர்க்கரையில் வராது. லேபிளில் மொத்தச் சர்க்கரை 38, சேர்க்கப்பட்டது 32 என்று இருந்தால், இடையிலுள்ள 6 கிராம் பால், தானியம் போன்ற மூலப்பொருள்களில் தானாகவே இருந்தது.

(இங்கே எடுத்த எண்கள் கணக்குக்கான மாதிரி. இந்த வகைப் பொடிகளில் சாதாரணமாகக் காணக்கூடிய அளவை ஒட்டியவை. உங்கள் பாட்டிலின் எண்ணைப் போட்டுக் கணக்கிடுங்கள்.)

இரண்டு பொருளை ஒப்பிடும்போது

கடையில் இரண்டு பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். முதலாவது, மேலே பார்த்த பொடி: சர்விங் 20 கிராம், சேர்க்கப்பட்ட சர்க்கரை 13%. இரண்டாவதில் சர்விங் 30 கிராம், 14%. சதவீதத்தைப் பார்த்தால் முதலாவதுதான் சர்க்கரை குறைந்தது போலத் தெரியும். இப்போது 100 கிராம் பத்தியைப் பாருங்கள்: முதலாவதில் 32, இரண்டாவதில் 24. இரண்டாவதில்தான் குறைவு. அதன் சர்விங் பெரியதாக இருப்பதால் சதவீதம் ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

அதனால் ஒப்பிட 100 கிராம் பத்தி, எவ்வளவு உடம்புக்குள் போகிறது என்று பார்க்கச் சர்விங் கணக்கு என்று பிரித்துக்கொள்ளலாம். இதிலும் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு பொடியையும் ஒரே அளவு போட்டால்தான் 100 கிராம் ஒப்பீடு செல்லும். இரண்டிலும் 28 கிராம் போடும் வீட்டில் முதலாவது 9 கிராம் சர்க்கரை, இரண்டாவது 6.7 கிராம். ஆனால் இரண்டாவதில் இனிப்பு பற்றவில்லை என்று பிள்ளை இன்னொரு அரைக் கரண்டி கேட்டு, 38 கிராம் போக ஆரம்பித்தால் அங்கும் 9 கிராம்தான். புதுப் பாட்டில் வாங்கிய முதல் மாதம் டம்ளரை எண்ணிப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

முன்பக்கத்துப் பெரிய எழுத்துகளில் இன்னொரு பொறி உண்டு. 'ஒரு கப்பில் 8.6 கிராம் புரதம்' என்று இருக்கும், ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி. குறியைத் தேடிப் போனால், '200 மில்லி பாலுடன் தயாரித்தால்' என்று இருக்கும். 100 கிராம் பத்தியில் புரதம் 11 கிராம் என்றால், 20 கிராம் பொடியில் இருப்பது 2.2 கிராம். மீதி 6.4 கிராம் உங்கள் வீட்டுப் பாலில் இருந்தது. 100 மில்லிக்கு 3.2 கிராம் என்ற கணக்கில் 200 மில்லி பால் அதைத் தருகிறது. பொடி போடாவிட்டாலும் அது கிடைத்திருக்கும். நட்சத்திரக் குறி இருக்கும் எந்த எண்ணையும் 100 கிராம் பத்தியோடு சரிபார்க்காமல் ஏற்காதீர்கள்.

100 கிராம் பத்தியே தவறாக வழிநடத்தும் இடங்கள்

'100 கிராமை மட்டும் பார், சர்விங்கை மறந்துவிடு' என்ற அறிவுரை பரவலாக இருக்கிறது. அது பாதிதான் சரி. 100 கிராம் என்பது ஒப்பிடுவதற்கான பொது அளவுகோல், யாரும் அப்படியே சாப்பிடும் அளவு அல்ல.

ஊறுகாயை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராமுக்குச் சோடியம் 5000 மில்லிகிராம் என்று ஒரு பாட்டிலில் இருந்தால், பார்த்தவுடன் கீழே வைத்துவிடத் தோன்றும். பக்கத்து அலமாரியில் இன்ஸ்டன்ட் நூடுல்ஸ், 100 கிராமுக்கு 1200 மில்லிகிராம். நான்கில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய் 10 கிராம் என்றால் அதில் 500 மில்லிகிராம் சோடியம். நூடுல்ஸை யாரும் 10 கிராம் சாப்பிடுவதில்லை. 70 கிராம் பாக்கெட் முழுவதும் ஒருவருக்குப் போகும்: 1200 × 70 ÷ 100 = 840 மில்லிகிராம், அன்றாட வரம்பில் 42 சதவீதம். பசிக்கு இரண்டு பாக்கெட் போட்டால் 1680. உப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் சோடியத்தை 2.5ஆல் பெருக்குங்கள். 840 மில்லிகிராம் சோடியம் 2.1 கிராம் உப்பு. ஊறுகாய் நல்லது என்று ஆகிவிடாது. மூன்று வேளையும் தொட்டுக்கொண்டால் அதுவே 1500. ஒரு வகை உணவை இன்னொரு வகையோடு ஒப்பிட 100 கிராம் உதவாது என்பதே இங்கே செய்தி. ஊறுகாயை ஊறுகாயோடும் நூடுல்ஸை நூடுல்ஸோடும் ஒப்பிடுங்கள்.

நூடுல்ஸில் இன்னொன்று. அந்த 100 கிராம், வேகவைக்காத காய்ந்த நூடுல்ஸும் மசாலாப் பொட்டலமும் சேர்ந்த எடை. வெந்து தண்ணீர் குடித்தபின் தட்டில் இருக்கும் எடை இரண்டு, மூன்று மடங்காகிவிடும். தட்டை எடை போட்டு 100 கிராம் பத்தியோடு பெருக்கினால் கணக்கு கன்னாபின்னாவென்று ஏறிவிடும். உப்புமா மிக்ஸ், சூப் பொடி, ரெடிமிக்ஸ் எல்லாவற்றுக்கும் இதேதான். லேபிள் எந்த நிலையைச் சொல்கிறது என்று பார்த்து அந்த நிலையிலேயே எடை போடுங்கள்.

தண்ணீர் சேர்வதால் வரும் இதே குழப்பம் பானங்களில் தலைகீழாக நடக்கிறது. பாட்டிலில் அடைத்த குளிர்பானம் 100 மில்லிக்கு 10 கிராம் சர்க்கரை, மால்ட் பொடி 100 கிராமுக்கு 32. எண்ணைப் பார்த்தால் குளிர்பானம் இளைத்தது. ஆனால் 250 மில்லி பாட்டிலை ஒரே மூச்சில் குடித்தால் 25 கிராம், பொடி டம்ளருக்கு 9. 100 மில்லிக்கு 10 என்ற எண் குடிக்கும் பொருளில் பெரிய எண், பொடியில் அது சிறிய எண். சிங்கப்பூரில் பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரக்குறி போடுகிறார்கள். அங்கே 100 மில்லிக்கு 10 கிராமைத் தாண்டினாலே கடைசித் தரமான டி.

ஐஸ்கிரீமும் இப்படித்தான். அது மில்லியில் விற்கப்படுகிறது, காற்று அடித்து ஊதப்பட்டிருக்கிறது. இந்திய விதிப்படி ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராமுக்குக் குறையக் கூடாது, அதாவது 100 மில்லி என்பது 53 கிராம் எடையாகக்கூட இருக்கலாம். ஒரு டப்பாவில் 100 கிராமுக்கும் மற்றொன்றில் 100 மில்லிக்கும் எண் போட்டிருந்தால் நேரே ஒப்பிடாதீர்கள். இரண்டு டப்பாவின் நிகர எடையையும் கிராமில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் அந்த ஒப்பீட்டை விட்டுவிடுவதே நேர்மை.

பூஜ்யம் என்று போட்டிருந்தால்

இந்தியாவில் 'சுகர் ஃப்ரீ' என்று போட 100 கிராமுக்கோ 100 மில்லிக்கோ அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது. அளவு 100 கிராமோடு கட்டப்பட்டிருப்பதால், சர்விங்கைச் சுருக்கி இந்தப் பெயரை வாங்க முடியாது.

இறக்குமதிக் கடையில் வாங்கும் அமெரிக்கப் பொருள்களில் நிலைமை வேறு. அங்கே லேபிள் முழுவதும் சர்விங் கணக்கு, 100 கிராம் பத்தி கிடையாது. ஒரு சர்விங்கில் அரை கிராமுக்குக் குறைவாக இருந்தால் சர்க்கரையையும் கொழுப்பையும் 0 என்று எழுதலாம். அரை கிராம்கூட இல்லாத சிறு மிட்டாய் ஒன்றே ஒரு சர்விங் என்றால், அது கிட்டத்தட்ட முழுவதும் சர்க்கரையாக இருந்தும் அட்டவணையில் 0 வரும். எண்ணெயைத் தெளிக்கும் டப்பாக்களிலும் இதையே காணலாம்: கால் நொடி அழுத்தினால் வரும் கால் கிராம் ஒரு சர்விங், கொழுப்பு 0. உள்ளே இருப்பது எண்ணெய். தோசைக்கல்லில் மூன்று நொடி அழுத்தினால் அது பன்னிரண்டு சர்விங், 3 கிராம் எண்ணெய்.

இதைக் கண்டுபிடிக்க மூலப்பொருள் பட்டியலுக்குப் போங்கள். எடையில் அதிகமானது முதலில் வரும். பட்டியலின் தொடக்கத்தில் சர்க்கரையோ எண்ணெயோ இருந்து, அட்டவணையில் அதற்கு 0 இருந்தால் அந்தப் பூஜ்யத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். பூஜ்யம் அல்லாத எண்களை 100 கிராமுக்கு மாற்றுவது எளிது. சர்விங்குக்குப் பக்கத்தில் அதன் கிராம் அளவும் இருக்கும். 'முக்கால் கப், 40 கிராம், சர்க்கரை 12 கிராம்' என்றால், 12 × 100 ÷ 40 = 30. அந்தக் காலை உணவு தானியம் 100 கிராமுக்கு 30 கிராம் சர்க்கரை. நம் ஊர்ப் பாக்கெட்டோடு இனி நேராக ஒப்பிடலாம். சர்விங்கின் கிராம் சிறியதாக இருந்தால் மட்டும் சற்று எச்சரிக்கை வேண்டும்: 5 கிராம் சர்விங்கில் 1 கிராம் என்று முழு எண்ணாக்கியது உண்மையில் 0.6 ஆகவும் இருக்கலாம், 1.4 ஆகவும் இருக்கலாம். 20ஆல் பெருக்கும்போது அது 12க்கும் 28க்கும் இடையே எங்கேயோ நிற்கும்.